ஆக்லாந்தில் நவம்பர், லாஸ் ஏஞ்சலஸில் இன்னும் அக்டோபர்: கிளைகளுக்கிடையிலான பில் எந்த மாதக் கணக்கு?

மாதக்கடைசி:
எங்கள் கம்பெனிக்கு ஆக்லாந்து, சிங்கப்பூர், துபாய், லண்டன், லாஸ் ஏஞ்சலஸ் என ஐந்து இடங்களில் கிளை. தலைமையகம் லண்டன். எல்லாருக்கும் ஒரே கணக்கு மென்பொருள். சர்வரில் நேரமெல்லாம் யூடிசியில்தான் பதிவாகிறது.

அக்டோபர் 2024 கணக்கை ஒன்றுசேர்க்கும்போது ஆக்லாந்துக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் நடுவே 84,000 டாலர் இடிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் "நாங்கள் தர வேண்டும்" என்று காட்டுகிறது. ஆக்லாந்தில் "எங்களுக்கு வர வேண்டும்" என்று எதுவுமே இல்லை. நவம்பர் ஏட்டைத் திறந்தால் அங்கே இருக்கிறது. இரண்டு ஊர்க்காரர்களும் "எங்கள் தேதி சரி, அவர்களுடையதுதான் தப்பு" என்கிறார்கள். எந்த ஊர் தேதியை எடுத்துக்கொள்வது? இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?

எளியவழி:
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? தலைமையகம் லண்டன்ல இருக்குல்ல. லண்டன் நள்ளிரவு அடிச்சா எல்லா ஊருக்கும் மாசம் முடிஞ்சது. ஒரே கோடு, ஒரே நேரம். நாங்க இப்படித்தான் பண்றோம், ஒரு சண்டையும் இல்லை. மாசத் தொடக்கத்துல கொஞ்சம் வெளியே போகும், கடைசியில கொஞ்சம் உள்ளே வரும். கூட்டிக் கழிச்சா சமமாயிடும்.

பழையபேரேடு:
மாதக்கடைசி, பதில் சொல்லும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். முதலாவது, இவை ஒரே கம்பெனியின் கிளைகளா, அல்லது ஒவ்வொரு ஊரிலும் தனியாகப் பதிவு செய்த கம்பெனிகளா? இரண்டாவது, அந்த 84,000 பில்லை மட்டும் எடுத்து, இரண்டு ஏட்டிலும் அதற்கு என்னென்ன தேதிகள் இருக்கின்றன என்று இங்கே போடுங்கள். ஆவணத் தேதி, போஸ்டிங் தேதி, உள்ளிட்ட நேரம் மூன்றும் வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

எளியவழி சொன்னதில் ஒரு பாதி சரி. ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு முன்பின் நகர்ந்தால் மாதவாரி விற்பனைப் போக்கைப் பார்ப்பதற்கு அது பெரிதாகப் பாதிக்காது. நிர்வாக அறிக்கைக்கு யாரும் அதைத் தடுக்கப் போவதில்லை. ஆனால் லண்டன் நள்ளிரவு என்பது நவம்பர் 1 ஆக்லாந்தில் பகல் ஒரு மணி. காலையில் கடை திறந்து மதியச் சாப்பாடு வரை விற்றதெல்லாம் அக்டோபரில் போய் உட்காரும். அந்த ஊர் ஜிஎஸ்டி கணக்கு அந்த ஊர் நாட்காட்டிப்படிதான் போகும், லண்டன் கடிகாரத்தைப் பார்க்காது. லாஸ் ஏஞ்சலஸிலோ அக்டோபர் 31 மாலை ஐந்து மணிக்கே மாதம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு விற்றது நவம்பர். இரண்டு கம்பெனிகளும் சட்டப்படி தாக்கல் செய்யும் ஏட்டில் இப்படி எழுத முடியாது.

மாதக்கடைசி:
நன்றி சார். பேச்சுக்குத்தான் கிளை என்கிறோம். ஐந்தும் தனித்தனிக் கம்பெனிகள், ஒரே தாய் நிறுவனத்தின் கீழ். அந்த பில் இதோ:

```
                Auckland              Los Angeles
document_date   2024-11-01            2024-10-31
posting_date    2024-11-01            2024-10-31
created_at      2024-10-31T20:10:04Z  2024-10-31T20:10:07Z
```

ஆக்லாந்தில் பில் போட்டதும் லாஸ் ஏஞ்சலஸில் அதற்கான செலவு பில் தானாக உருவாகிவிடும். மூன்று வினாடிதான் இடைவெளி. ஆக்லாந்தில் அது வெள்ளிக்கிழமை காலை 9:10. லாஸ் ஏஞ்சலஸில் வியாழன் மதியம் 1:10. ஒரே நொடி, இரண்டு மாதம்! மென்பொருள் அந்தந்த கம்பெனியின் உள்ளூர்த் தேதியைப் போட்டிருக்கிறது. அது சரியான நடைமுறை என்றுதான் நினைத்தோம்.

சிவப்புமை:
தணிக்கைப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. ஐஎஃப்ஆர்எஸ் 10-இல் தாய் நிறுவனத்துக்கும் துணை நிறுவனத்துக்கும் கணக்கு முடியும் தேதி மூன்று மாதம் வரை வேறுபடலாம் என்றே இருக்கிறது. மூன்று மாதத்துக்கே இடம் தருகிறது என்றால் இருபது மணி நேரம் எம்மாத்திரம்? அப்படியே விட்டுவிடலாம்.

பழையபேரேடு:
சிவப்புமை, அந்த விதியின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் படியுங்கள். கணக்கு முடியும் தேதி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது முதல் வரி. நடைமுறையில் முடியாதபோதுதான் மூன்று மாத விலக்கு. அதிலும் இடைப்பட்ட காலத்தில் நடந்த முக்கியமான பரிவர்த்தனைகளுக்குச் சரிக்கட்டியாக வேண்டும். இங்கே இரண்டு கம்பெனிக்கும் கணக்கு முடியும் தேதி அக்டோபர் 31தான். எனவே அந்த விலக்கு இந்தக் கேள்விக்குள்ளேயே வரவில்லை. ஒரே பரிவர்த்தனை இரண்டு ஏட்டில் இரண்டு காலத்தில் விழுந்ததுதான் சிக்கல்.

மாதக்கடைசி, இப்போது உங்கள் பில்லுக்கு வருவோம். அது எதற்கான பில்?

மாதக்கடைசி:
ஆக்லாந்தில் இருக்கும் வாடிக்கையாளர் உதவிக் குழு லாஸ் ஏஞ்சலஸுக்காக மாதம் முழுக்க வேலை செய்கிறது. அதற்கான மாதக் கட்டணம். இது அக்டோபர் மாதத்துக்கானது. செப்டம்பர் மாத பில்லை 30ஆம் தேதி மதியமே போட்டுவிட்டார்கள், அதனால் அப்போது இடிக்கவில்லை. இந்த முறை ஒரு நாள் தள்ளிப்போனது.

பழையபேரேடு:
அப்படியென்றால் நேர மண்டலச் சண்டையே தேவையில்லை. வேலை நடந்தது அக்டோபரில். பில் எந்தக் காலையில் எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பது பொருட்டே இல்லை. ஆக்லாந்து அக்டோபர் 31 தேதியிட்டு "பில் போடாத வருமானம்" என்று 84,000-ஐ எழுதியிருக்க வேண்டும். நவம்பர் 1 பில் வந்ததும் அந்தப் பதிவைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. அதாவது தேதியைச் சரியாகப் போட்ட ஆக்லாந்து கணக்கில் தவறியிருக்கிறது. கடிகாரம் செய்த குளறுபடியால் லாஸ் ஏஞ்சலஸ் சரியான மாதத்தில் விழுந்திருக்கிறது. அதை அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம், அது அதிர்ஷ்டம்.

"அடுத்த மாதம் தானாகச் சரியாகிவிடும்" என்று விடவும் முடியாது. லாஸ் ஏஞ்சலஸின் செலவு அக்டோபரில் ஏறிவிட்டது, ஆக்லாந்தின் வருமானம் ஏறவில்லை. குழும லாபம் அக்டோபரில் 84,000 குறைவு, நவம்பரில் 84,000 கூடுதல். வெறும் ஐந்தொகை நிலுவை இடிப்பதாக நினைத்து அதை ஒரு தற்காலிகக் கணக்கில் தள்ளிவிட்டால் லாபம் கெட்டது கண்ணில் படாது. டிசம்பரில் இதே நடந்தால் ஆண்டே மாறும்.

கிடங்குக்காரன்:
ஐயா நீங்க சேவைக்குச் சொல்லிட்டீங்க. சரக்கு பத்திக் கேளுங்க. எங்க ஆக்லாந்து கிடங்குல இருந்து விமானத்துல உதிரிபாகம் லாஸ் ஏஞ்சலஸ் போகுது. நவம்பர் 1 விடியக்காலை 2 மணிக்குக் கிளம்புச்சு. பன்னிரண்டு மணி நேரப் பயணம். அங்க போய் இறங்குனப்போ அக்டோபர் 31 சாயங்காலம் 6 மணி! அவங்க ராத்திரியே ஸ்கேன் பண்ணி வரவு வச்சுட்டாங்க. நவம்பர்ல கிளம்புன பெட்டி அக்டோபர்ல போய்ச் சேர்ந்துடுச்சு. ஸ்கேனர் கோளாறுன்னு ஒரு வாரம் கடிகாரத்தையே நோண்டிட்டு இருந்தோம்.

எளியவழி:
இது சும்மா கதை. கிளம்புறதுக்கு முன்னாடி எப்படிப் போய்ச் சேரும்?

கிடங்குக்காரன்:
தம்பி, அக்டோபர் கடைசியில ரெண்டு ஊருக்கும் 20 மணி நேர வித்தியாசம். பயணம் 12 மணி நேரம். மீதி 8 மணி நேரம் பின்னாடி போகுது. கணக்குப் போட்டுப் பாருங்க.

பழையபேரேடு:
கிடங்குக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இந்த இழையில் உண்மையிலேயே கடினமான கேள்வியும் அதுதான். சேவையில் "வேலை எப்போது நடந்தது" என்று கேட்டுத் தப்பித்தோம். இங்கே அது முடியாது. ஆக்லாந்தின் அக்டோபர் 31 நள்ளிரவு இருப்பில் அந்தப் பெட்டி இருந்தது, பொய்யில்லை. லாஸ் ஏஞ்சலஸின் அக்டோபர் 31 நள்ளிரவு இருப்பிலும் அது இருந்தது, அதுவும் பொய்யில்லை. இரண்டையும் கூட்டினால் ஒரே பெட்டி குழுமத்துக்கு இரண்டு பெட்டியாகிறது.

"வழியில் உள்ள சரக்கு" என்று தனி இருப்புக் கணக்கு வைத்திருந்தாலும் இதற்கு உதவாது. அந்தக் கணக்கு, அனுப்பியாயிற்று, இன்னும் சேரவில்லை என்ற நிலைக்கானது. இதுவோ சேர்ந்தாயிற்று, இன்னும் அனுப்பவில்லை. அடையாளம் காண்பது சுலபம். மாத முடிவில் வழியில் உள்ள சரக்கின் இருப்பு கழித்தல் குறியோடு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

நான் வேலை பார்த்த இடங்களில் வைத்திருந்த விதி: குழுமத்துக்குள் நடக்கும் எந்தப் பரிமாற்றத்துக்கும் அனுப்புகிறவர் ஏட்டுத் தேதியே இருவருக்கும் கணக்குத் தேதி. அது ஆவணத்தோடு ஒரு புலமாகப் பயணிக்கும். வாங்குகிறவர் மென்பொருள் அதைத் தன் ஊர் நேரத்துக்கு மாற்றக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் பெட்டியை இறக்கி வைக்கலாம், எண்ணலாம். ஆனால் அக்டோபர் முடிவில் அது "நம்மிடம் இருக்கிறது, நம்முடையதல்ல" என்ற வரிசையில் நிற்கும்.

சிவப்புமை:
இதை என்னால் அப்படியே ஏற்க முடியாது. உரிமை எப்போது கைமாறுகிறது என்பதை இரண்டு கம்பெனிகளின் ஒப்பந்த நிபந்தனைதான் சொல்லும், குழுமத்தின் வசதி அல்ல. இறங்கிய இடத்தில் கைமாறும் என்று எழுதியிருந்தால், லாஸ் ஏஞ்சலஸின் சட்டப்படியான ஏட்டில் அக்டோபர் 31 மாலை அது அவர்களுடைய சரக்குதான். அங்கே தணிக்கை செய்பவர் வரவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "ஏன் இருப்பில் இல்லை?" என்று கேட்பார். குழுமக் கணக்கில் ஒன்றைக் கழித்துவிடுங்கள், தனி ஏட்டைத் தொடாதீர்கள்.

பழையபேரேடு:
நியாயமான ஆட்சேபம். இறங்கும் இடத்தில் கைமாறும் ஒப்பந்தமென்றால் என் விதி அங்கே நொண்டும். குழும மட்டத்தில் சரிக்கட்டுவது சுத்தமானது. ஆனால் ஒவ்வொரு மாதமும் யாரோ அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், பிடிக்கத் தவறினால் இருப்பு வீங்கும். ஒப்பந்தத்திலேயே "அனுப்பும் கிடங்கில் ஏற்றும்போது கைமாறும்" என்று எழுதிவிட்டு என் விதியை வைப்பேன். நீங்கள் வேறு மாதிரி செய்வீர்கள். இரண்டுக்கும் ஆள் உண்டு.

இருவருமே ஒத்துக்கொள்ளக்கூடிய ஒன்று, சிக்கலையே உண்டாக்காமல் இருப்பது. குழுமத்துக்குள்ளான பில்லுக்கும் சரக்குக்கும் கட்-ஆஃபை மாதக் கடைசி நாளில் வைக்காதீர்கள். இரண்டு வேலை நாள் முன்னதாக வையுங்கள். அக்டோபர் 29 மாலைக்குப் பிறகு குழுமத்துக்குள் புது பில் கிடையாது, 31 வரை செய்த வேலைக்கு மதிப்பீட்டுப் பதிவு மட்டும். வெளி வாடிக்கையாளருக்கு வழக்கம்போல் கடைசி நிமிடம் வரை விற்கலாம். இரு ஏட்டுப் பதிவையும் ஒன்றோடொன்று கழிக்கும் எலிமினேஷன் என்று ஒன்று அவர்களோடு இல்லையே.

கிடங்குக்காரன்:
ரெண்டு நாள் உதிரிபாகம் அனுப்பாம இருந்தா அங்க இயந்திரம் நின்னுடும் ஐயா. கணக்குக்காரங்க சொல்றதுக்காக யாரும் விமானத்தை நிறுத்த மாட்டாங்க.

பழையபேரேடு:
உங்கள் விஷயத்தில் சரக்கை நிறுத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கடைசி இரண்டு நாள் அனுப்பியவற்றுக்கு மட்டும் ஒரு பட்டியல் வைத்து, இரு முனையிலும் தேதியைக் கையால் சரிபார்ப்பதுதான் வழி.

சர்வர்வாசி:
மென்பொருள் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம். இந்த 20 மணி நேரம் என்பதை நிலையான எண்ணாக எங்கேயும் எழுதி வைத்துவிடாதீர்கள். ஆக்லாந்துக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஜூன் முடிவில் 19, அக்டோபர் முடிவில் 20, டிசம்பர் முடிவில் 21. இரண்டு ஊரிலும் கோடை நேரம் வேறு வேறு நாளில் மாறுகிறது. ஆக்லாந்துக்கு `+12` என்று நிரலில் எழுதிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜூலை முழுக்கச் சரியாக ஓடும். அக்டோபர் முடிவில் அங்கே உண்மையில் +13. அதனால் நவம்பர் 1 நள்ளிரவு முதல் ஒரு மணி வரை வந்த ஆன்லைன் ஆர்டரெல்லாம் அக்டோபருக்குப் போகும். `Pacific/Auckland` என்று மண்டலப் பெயரைத்தான் வைக்க வேண்டும்.

இன்னொன்று, போஸ்டிங் தேதியைப் பதிவு விழும்போதே தீர்மானித்துச் சேமித்துவிடுங்கள். அறிக்கை ஓட்டும்போதெல்லாம் யூடிசியிலிருந்து கணக்கிட்டால், ஒருவர் அறிக்கையும் இன்னொருவர் அறிக்கையும் வேறு எண் காட்டும்.

மாதக்கடைசி, உங்களுக்கு போஸ்ட்கிரெஸ் என்றால் இதை ஓட்டிப் பாருங்கள். `created_at` யூடிசி `timestamptz` என்று வைத்துக்கொள்கிறேன்:

```sql
SELECT e.code,
       extract(hour FROM i.created_at AT TIME ZONE e.tz) AS hr,
       count(*)
FROM invoice i JOIN entity e ON e.id = i.entity_id
WHERE i.posting_date = DATE '2024-10-31'
  AND i.source = 'auto'
GROUP BY 1, 2 ORDER BY 1, 2;
```

ஒவ்வொரு ஊருக்கும் கடைசி நாள் பதிவுகளை உள்ளூர் மணிவாரியாகக் காட்டும். கையால் பின்தேதி போட்ட பதிவுகள் குழப்பும் என்பதால் தானியங்கிப் பதிவுகளை மட்டும் எடுத்திருக்கிறேன். உங்கள் அட்டவணைப் பெயர்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதக்கடைசி:
ஓட்டினேன். ஆக்லாந்து, சிங்கப்பூர், துபாய், லண்டன் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் மட்டும் 16 மணி வரை வரிசையாக எண்கள் இருக்கின்றன, 17இலிருந்து ஒன்றுமே இல்லை. அங்கே ஆன்லைன் விற்பனை இரவு முழுக்க உண்டு. கத்தியால் வெட்டியது போல நிற்கிறது. இது என்ன?

சர்வர்வாசி:
லாஸ் ஏஞ்சலஸ் மாலை 5 என்றால் யூடிசி நள்ளிரவு. அக்டோபர் கடைசியில் லண்டனுக்கும் அதுவே நள்ளிரவு, அங்கே கோடை நேரம் 27ஆம் தேதியே முடிந்துவிட்டது. யாரோ பீரியட் லாக்கை லண்டன் நள்ளிரவுக்குத் தானாக ஓடும்படி வைத்திருக்கிறார்கள். அக்டோபர் பூட்டப்பட்டதும் மென்பொருள் அதற்குப் பிறகு வந்ததை நவம்பர் 1 தேதிக்குத் தள்ளியிருக்கும். `posting_date` நவம்பர் 1, ஆனால் உள்ளூர்த் தேதி அக்டோபர் 31 என்று இருப்பதைத் தேடுங்கள்.

மாதக்கடைசி:
ஆமாம்! அப்படியே இருக்கிறது. ஏழு மணி நேர விற்பனை நவம்பரில் கிடக்கிறது. இது 84,000 விஷயத்தில் காட்டவே இல்லை, ஏனென்றால் இவை வெளி வாடிக்கையாளர்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பழையபேரேடு:
தெரிந்திருக்காதுதான். எலிமினேஷன் இடித்தால் கத்தும், வெளி விற்பனை தவறினால் வாய் திறக்காது. பூட்டு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனியாக இருக்க வேண்டும், அதுவும் நள்ளிரவில் அல்ல. மாதம் முடிந்த பிறகும் மதிப்பீடுகள் எழுத வேண்டியிருக்கும். விற்பனைப் பதிவுகளுக்கு அந்த ஊர் முதல் வேலை நாள் முடிவில், பொதுப் பேரேட்டுக்கு மூன்றாம் வேலை நாளில் என்று அடுக்கடுக்காகப் பூட்டுவது வழக்கம். அக்டோபர் திறந்திருக்கிறது என்பதற்காக நவம்பர் விற்பனை அதற்குள் போய்விடாது. அதை முடிவு செய்வது போஸ்டிங் தேதி, பூட்டு அல்ல. லண்டனில் இருந்தபடி ஐந்தையும் ஒரே சாவியால் பூட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

எளியவழி:
சரி, ஒத்துக்கறேன், நானும் எங்க ஆளுங்ககிட்ட லாக் எப்ப ஓடுதுன்னு பார்க்கச் சொல்லியிருக்கேன். ஆனா எங்களுக்கு எல்லாம் ஒரே கம்பெனிக்குக் கீழ கிளைங்க, தனிக் கம்பெனி இல்ல. அப்பவும் இதெல்லாம் வேணுமா?

பழையபேரேடு:
ஒரே கம்பெனி என்றால் கிளைகளுக்கிடையே பில்லே வருமானமாகாது, அந்தத் தலைவலி குறைவு. ஆனால் கிளை வேறு நாட்டில் இருந்தால் அங்கே வரிக் கணக்கு தனி. அதற்கு உள்ளூர்த் தேதி வேண்டும்.

மாதக்கடைசி:
இன்னொரு சின்ன இடிப்பு. ஆக்லாந்தில் அக்டோபர் 31 பதிவைப் போட்ட பிறகும் சில நூறு டாலர் மிச்சம் நிற்கிறது. தேதி இப்போது ஒன்றுதான்.

பழையபேரேடு:
அது நாணய மாற்று விகிதமாக இருக்கும். ஆக்லாந்து தன் ஏட்டில் டாலர் நிலுவையை நியூசிலாந்து டாலருக்கு ஒரு விகிதத்தில் மாற்றியிருக்கும். ஒன்றுசேர்க்கும் மென்பொருள் வேறு நேரத்தில் எடுத்த விகிதத்தில் திருப்பியிருக்கும். "மாதக் கடைசி விகிதம்" என்று இரண்டு பேரும் சொன்னாலும், ஒருவர் தன் ஊர் மாலையில் எடுக்கிறார், மற்றவர் பல மணி நேரம் கழித்து எடுக்கிறார். குழுமத்துக்கு ஒரே மூலம், ஒரே நேரத்து விகிதம் என்று ஒரு பட்டியலை லண்டன் வெளியிட்டு, ஐந்து பேரும் அதையே ஏற்ற வேண்டும். பார்த்தீர்களா, எளியவழி கேட்ட "ஒரே கோடு" விகிதத்துக்கு மட்டும் பொருந்துகிறது.

சிவப்புமை:
லாஸ் ஏஞ்சலஸின் ஏழு மணி நேர விற்பனையை அக்டோபருக்குத் திருப்பும்போது அதற்கான சரக்கு அடக்கச் செலவையும் சேர்த்துத் திருப்புங்கள். விற்பனையை மட்டும் நகர்த்தி அடக்கத்தை நவம்பரிலேயே விட்டு, அக்டோபர் லாப விகிதம் திடீரென உயர்ந்ததற்கு விளக்கம் தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஏழு மணி நேரத்தில் அனுப்பாத ஆர்டர்களும் இருக்கும். அவை அக்டோபர் விற்பனையே அல்ல, ஆர்டர் வந்த நேரத்தை வைத்து மொத்தமாக நகர்த்தாதீர்கள்.

மாதக்கடைசி:
அதுதான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். அனுப்பிய நேரம் கிடங்கு மென்பொருளில் இருக்கிறது, ஆனால் அதில் மண்டலம் எதுவும் குறிக்கப்படவில்லை, வெறும் `2024-10-31 19:42` என்று நிற்கிறது. இது லாஸ் ஏஞ்சலஸ் நேரமா யூடிசியா என்று யாருக்கும் தெரியவில்லை.

சர்வர்வாசி:
எப்போது அனுப்பியது என்று காகிதத்தில் கையெழுத்தான சீட்டு ஏதாவது இரண்டு மூன்று எடுத்து அதே ஆர்டர்களின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஏழு மணி நேரம் தள்ளி இருந்தால் யூடிசி. நவம்பர் 3ஆம் தேதி அங்கே கோடை நேரம் முடிந்தது, அதற்குப் பிந்தைய சீட்டு ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள், அதில் எட்டு மணி நேரம் வர வேண்டும்.